கன்று, குட்டிகளின் கொம்புக் குருத்தைச் சுடுதல்

கன்றுக்கும் வெள்ளாட்டுக்குட்டிக்கும் கொம்புக் குருத்தை எந்த வயதுக்குள் சுட வேண்டும், பிறகு எப்படிப் பராமரிப்பது?

கன்றின் குருத்து ஏறத்தாழ இரண்டு மாதம் வரை மண்டையோட்டில் ஒட்டாமல் தோலோடு அசையும் என்பதால், அதற்குள் சுட்டுவிட வேண்டும். வெள்ளாட்டுக்குட்டிக்கு முதல் இரண்டு வாரமே ஏற்ற காலம்.

கால்நடை மருத்துவர் மரப்பு ஊசி போட்டு, உணர்வு போனதை உறுதிசெய்த பின், நன்கு காய்ந்த சூட்டுக்கோலைக் குருத்தின் மேல் பொருத்திச் சுழற்றும்போது, அதைச் சுற்றிச் செம்பு நிற வளையம் முழுதாகத் தெரிய வேண்டும். வளையம் விடுபட்டால் அங்கிருந்து கோணல் கொம்பு முளைக்கும். குட்டியின் மண்டையோடு மெல்லியது. ஒரு முறைக்குச் சில விநாடிகளுக்கு மேல் அழுத்தினால் சூடு மூளையைத் தாக்கும். கன்றுகளுக்குச் சுட்டுப் பழகிய கை பெரும்பாலும் இங்கேதான் தவறும்.

புண்ணைக் கட்டாமல் உலரவிட்டு, ஈ மொய்க்காமல் காத்து, வலி மருந்தும் இரணஜன்னித் தடுப்பும் மருத்துவர் சொல்படி கொடுக்க வேண்டும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. சில வாரங்களில் தானே உதிரும். சீழ், துர்நாற்றம், பால் குடிக்காமை, தலையைச் சாய்த்து நிற்றல் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.