தாளில் முதலில் எழுத வேண்டியது ஓ.ஆர்.எஸ். அளவு

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறார். நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. பகலில் அவருடன் இருப்பவர் உதவிக்கு வரும் பெண் மட்டுமே. ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருக்கிறதே, கொடுக்கலாமா? அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் என்னவெல்லாம் எழுதிவைக்க வேண்டும்?

பதில்: கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கும், 200 மி.லி. டம்ளருக்கு மூன்று கிராமுக்கும் குறைவு. உப்பைக் குடல் உறிஞ்ச அந்தக் குளுக்கோஸ் தேவைப்படுவதால் அதை விலக்க முடியாது. மருந்துக்கடையில் பொடிப் பாக்கெட்டாகவே கேட்டு, உறையில் அந்தச் சூத்திரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை இதைவிட மிக அதிகம்.

தாளில் முதலில் கலக்கும் முறையை எழுதுங்கள்: “ஒரு லிட்டர் பாக்கெட் முழுவதையும், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்கவும். ஒவ்வொரு முறை வயிறு போன பிறகும் ஒரு டம்ளர், வாய் வாயாகக் கொடுக்கவும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடவும்.” பொடியில் பாதியை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்குவதுதான் வீடுகளில் அடிக்கடி நேரும் தவறு, உப்பு மிகுந்து தீங்காகும். இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் திரவ அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

அம்மாவைப் பட்டினி போடாமல், அரிசிக் கஞ்சி, இட்லி, குழைந்த தயிர் சாதம் என்று சிறிது சிறிதாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பால், பழச்சாறு, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

மாத்திரையை அந்தப் பெண்ணின் தீர்மானத்துக்கு விடாதீர்கள். சாப்பிடாத நிலையில் கிளிமிபிரைடு சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மினையும் சில நாள் நிறுத்திவைக்க மருத்துவர் சொல்வது வழக்கம். ஆகவே இன்றே மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் சொன்னதை “காலை மாத்திரை: கொடு” அல்லது “கொடுக்காதே” என்று ஒரே வரியாக எழுதுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பதும் அதன் கீழே இருக்கட்டும்.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை குளுக்கோமீட்டரில் பார்த்து, நேரத்தோடு குறிக்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, வியர்வையும் நடுக்கமும் கண்டாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அபாயக் குறிகளைச் சிவப்பு மையில் எழுதலாம்: ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாவது, சர்க்கரை 300க்கு மேலேயே நிற்பது. இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் உடனே உங்களை அழைத்து, தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேச்சுக் குழறினாலோ, எழுப்ப முடியாத மயக்கமானாலோ, உங்களுக்கு முன்பே 108ஐ அழைக்க வேண்டும். முதியவர்களுக்குத் தாகம் மந்தமாக இருப்பதால், “அம்மா தண்ணீர் கேட்கவில்லை” என்பதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு வாசிப்பு சரளமில்லை என்றால், தாளை ஒட்டுவதற்கு முன் ஒரு பாக்கெட்டை உங்கள் எதிரிலேயே கலக்கச் சொல்லிப் பாருங்கள்; லிட்டர் அளவைப் பாட்டிலில் கோடு போட்டுக் காட்டுங்கள்.