டப்பாவில் 24 கிராம், உள்ளே எவ்வளவு?

"என் மகனுக்கு 20 வயது, ஜிம்முக்குப் போகிறான். அங்கே பயிற்சியாளர் கடை விலையில் பாதிக்கு ஒரு வே புரோட்டீன் டப்பா தருகிறார். ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரோட்டீன் என்று போட்டிருக்கிறது. கலப்படமா, நல்லதா என்று எப்படிப் பார்ப்பது டாக்டர்?" (வாசகி, ஈரோடு)

டப்பாவைத் திருப்பி, சேர்பொருட்கள் பட்டியலைப் படியுங்கள் அம்மா. வே கான்சன்ட்ரேட், ஐசோலேட் என்ற பெயர்களுக்குப் பிறகு கிளைசின், டாரின், கிரியேட்டின் என்று ஏதாவது இருந்தால், அந்த 24ஐ அப்படியே நம்பாதீர்கள்.

ஆய்வகங்களில் வழக்கமாகப் புரோட்டீனை நேரடியாக அளப்பதில்லை. கெல்டால் என்ற முறையில் பொடியிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்குவார்கள் (பால் பொருளுக்கு 6.38). அந்த நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்பது இந்தச் சோதனைக்குத் தெரியாது. 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்தவர்கள் நுழைந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான்.

ஸ்கூப்புக்கு 5 கிராம் கிளைசின் கலந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விலை மலிவான அமினோ அமிலம் அது. அதிலுள்ள நைட்ரஜன் சுமார் 0.93 கிராம், 6.25ஆல் பெருக்கினால் 5.8 கிராம் 'புரோட்டீன்'. அப்படியானால் 24இல் உண்மையான வே புரோட்டீன் 18 கிராம்தான்.

இதைக் கண்டுபிடிக்க லூசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தின் அளவு உதவும். வே புரோட்டீனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு லூசின். 24 கிராமுக்கு 2.4 கிராமாவது இருக்க வேண்டும். மேலே சொன்ன டப்பாவில் 1.8 கிராம்தான் தேறும். அமினோ அமில அட்டவணை 100 கிராம் பொடிக்கு என்று இருந்தால் ஸ்கூப் எடைக்கு மாற்றிப் பாருங்கள். சேர்பொருட்களில் லூசினையே தனியாகப் போட்டிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அட்டவணையே இல்லாத டப்பாவை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

போலி டப்பா என்றால் லேபிளும் நகல்தான். அங்கே இந்தக் கணக்கெல்லாம் சரியாகவே வரும். அதற்கு மூடிக்குக் கீழுள்ள சீல், இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், பேட்ச் எண், பில் ஆகியவற்றைப் பாருங்கள். 14 இலக்க FSSAI எண்ணை foscos.fssai.gov.in தளத்தில் சரிபார்க்கலாம். ஆனால் அது விற்பனை உரிமம் மட்டுமே, தரச்சான்று அல்ல. நிறுவனம் வெளியிடும் ஆய்வறிக்கையில் உங்கள் டப்பாவின் பேட்ச் எண்ணே இருக்க வேண்டும். நீங்களே NABL அங்கீகார ஆய்வகத்துக்கு அனுப்பினால், 'புரோட்டீன் அளவு' மட்டும் கேட்காமல் அமினோ அமில விவரமும் கேளுங்கள். வீட்டில் அயோடின் சொட்டுவது மாவு கலந்திருந்தால் நீலம் காட்டும்; கிளைசினைக் காட்டாது.

பயிற்சியாளர் பில் தரமாட்டார் என்றால், பாதி விலையானாலும் வேண்டாம்.

ஏற்கெனவே குடித்திருந்தால் ஒரு விஷயம். கிரியேட்டின் கலந்த பொடி, சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் கிரியேட்டினின் என்ற பொருளின் அளவை ரத்தத்தில் சற்று உயர்த்திக் காட்டலாம். பரிசோதனையின்போது மருத்துவரிடம் பொடியைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். திடீரென்று முதுகு, நெஞ்செல்லாம் முகப்பரு, மார்புக் காம்புக்குக் கீழே வலியோடு வீக்கம் என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உடனே நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.