வீட்டு உறுதியை அடகு வைப்பதற்கு முன் அந்த ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்கள்

உப்புவெளியில் இருந்து ஒரு அம்மா போன வாரம் அழைத்தார். மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எடுத்தவள், மூன்று பாடமும் சித்தி, ஆனால் பொறியியல் பீடத்துக்கு இசட் ஸ்கோர் போதவில்லை. கனடாவில் இருக்கும் சித்தப்பா கொழும்பில் ஒரு தனியார் பட்டப்படிப்பில் சேர்க்கச் சொல்கிறார், பாதிக் காசு அவர் தருவாராம், மீதிக்கு வீட்டு உறுதியை வங்கியில் வைக்க வேண்டும். மகளோ வீட்டு விறாந்தையில் தரம் 10, 11 பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறாள், அதையே பெரிதாக்க ஆசைப்படுகிறாள். அதற்காக போனில் ஒரு வீடியோவும் எடுத்துப் போட்டாள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. "வீடியோவும் சரிவரேல்ல, இனி என்ன செய்யிறது சேர்" என்று அந்த அம்மா கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

அக்கா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உறுதியை வைக்காதீர்கள். பிள்ளை கேட்காத படிப்புக்கு, குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்துச் சேர்ப்பதை நான் ஒருபோதும் சரி என்று சொல்ல மாட்டேன், சித்தப்பா எவ்வளவு நல்ல மனத்தோடு சொன்னாலும் சரி. பட்டம் பிறகும் படிக்கலாம். ஒரு வீடியோ விழுந்ததை வைத்து அவளுக்குப் படிப்பிக்க வராது என்று முடிவு கட்டுவது அதைவிடப் பிழை, ஏனென்றால் அந்த வீடியோவை நான் பார்த்தேன். அவள் படிப்பிக்கும் விதத்தில் குறை இல்லை. முகம் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை, விஷயம் தொடங்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. மூன்றையும் காசு செலவழிக்காமல் திருத்தலாம்.

முதலில் வெளிச்சம். அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெளி வெளிச்சத்துக்கு ஏற்ப போன் தன்னைச் சரிசெய்துகொள்வதால் முகம் கறுத்துவிட்டது. அதே கதிரையைத் திருப்பிப் போடுங்கள், ஜன்னல் அவள் முகத்துக்கு நேரே, இரண்டு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். போன் ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில், கண் மட்டத்தில், புத்தக அடுக்கில் சாய்ந்து நிற்கட்டும். உங்கள் ஜன்னல் கடல் பக்கம், அதாவது கிழக்கு. காலையில் வெயில் நேரே விழுந்து கண்ணைக் கூச வைக்கும், அப்போது வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டினால் வெளிச்சம் மெதுவாகப் பரவும். பின்னேரம் நான்கு மணி என்றால் வேட்டியும் தேவையில்லை. மின்விளக்கை அணைத்துவிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், போன் பெரும்பாலும் நொடிக்கு 30 படம் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். அந்த வீடியோவில் சுவரில் ஓடியது அதுதான்.

செல்பிக் கமராவை விட்டு பின்பக்கக் கமராவால் எடுக்கட்டும், பெரும்பாலான போன்களில் அதுதான் தெளிவு. முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும், விரல் எண்ணெய் பட்டிருந்தால் படம் முழுக்கப் புகை மூடியது போல் இருக்கும். பிறகு திரையில் முகத்தின் மேல் விரலை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் பல போன்களில் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டும் ஒவ்வொரு முறையும் முகம் இருண்டு இருண்டு வரும்.

சத்தம்தான் அதைவிட முக்கியம் என்பேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள், குரல் விளங்காவிட்டால் அடுத்த நொடியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வீடியோவில் மின்விசிறி இரைகிறது, போதாததற்கு வெறும் சீமெந்து விறாந்தையில் குரல் எதிரொலிக்கிறது. கட்டில், மெத்தை, சேலை அலுமாரி இருக்கும் அறைக்குள் போங்கள், அலுமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், துணி எதிரொலியைக் குடித்துவிடும். மின்விசிறியை நிறுத்தி எடுத்தால் வியர்க்கும்தான், ஆனால் எடுக்கப்போவது அரை நிமிடம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முற்றத்தில் எடுக்கவே வேண்டாம், மைக்கில் காற்று மோதும் சத்தத்தைப் பிறகு எடுத்துவிடுவது கஷ்டம்.

வயர் உள்ள பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்று வீட்டில் இருக்கும். அதன் மைக்கை நாடியில் இருந்து ஒரு சாண் கீழே, துப்பட்டா உரசாத இடத்தில், ஊசியால் குத்தி விடுங்கள். சில போன்கள் வயரைச் செருகினாலும் தங்கள் சொந்த மைக்கில்தான் பதியும். கண்டுபிடிக்க, பதிவைத் தொடங்கி அந்த மைக்கை நகத்தால் சுரண்டி, போட்டுக் கேளுங்கள். சுரண்டும் சத்தம் பெரிதாகக் கேட்டால் சரி. கேட்காவிட்டால் அப்பாவின் போனில் குரல்பதிவைப் போட்டு அவள் மடியில் வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டட்டும். பிறகு வீடியோவில் கை சேரும் இடத்தோடு அந்தச் சத்தத்தைப் பொருத்தினால் போதும்.

இனி தொடக்கம். அவள் 12 நொடி வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, தகுதி சொல்லி, அதற்குப் பிறகுதான் கணக்குக்கு வருகிறாள். தெரியாத ஆளின் வணக்கத்துக்கு யாரும் நிற்பதில்லை. அவளோடு இருந்து இப்படி மாற்றினோம். முதல் காட்சியில் ஆள் இல்லை, தாள் மட்டும். தடித்த மார்க்கரால் எழுதியிருக்கிறது:

(x + 3)² = x² + 9

குரல்: "தரம் 11 பிள்ளைகள் அடிக்கடி விடுற பிழை. எது பிழை எண்டு சொல்லுங்கோ பாப்பம்." மூன்று நொடி. அப்புறம் முகம்: "x இருக்கிற இடத்தில 1 போடுங்கோ. இடப்பக்கம் 4 இன்ர வர்க்கம், 16. வலப்பக்கம் 1 உம் 9 உம், 10. ஆறு எங்க போச்சு?" பிறகு சிவப்புப் பேனையால் நடுவில் 6x எழுதுகிறாள். பார்க்கிற பிள்ளையின் கண் அந்தச் சிவப்பு எழுத்தைத் தேடித்தான் நிற்கிறது. கடைசி ஐந்து நொடியில் இடம், நாள், தொலைபேசி எண். எல்லாம் 35 நொடிக்குள்.

பலர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள் என்பதால் கேள்வியைத் திரையிலும் எழுத வேண்டும், ஆனால் நடுவில் அல்லது மேலே. கீழேயும் வலப்பக்கமும் செயலியின் பொத்தான்கள் மறைத்துவிடும். ஊர்ப் பெயரைத் தொடக்கத்திலேயே போடட்டும். அன்புவழிபுரம், சாம்பல்தீவு, செல்வநாயகபுரத்தில் இருந்து சைக்கிளில் வரக்கூடிய பிள்ளை பார்த்தால்தான் வகுப்புக்கு லாபம், யாழ்ப்பாணத்தில் ஆயிரம் பேர் பார்த்து அவளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதனால் பார்வை எண்ணிக்கையை விடுங்கள், அழைத்த பெற்றோரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாதிப் பேருக்கு மேல் முதல் மூன்று நொடியிலேயே போய்விட்டால் தொடக்கம் பிழை. கடைசிவரை பார்த்தும் யாரும் அழைக்காவிட்டால் இடமும் நேரமும் தெளிவில்லை.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வகுப்புக்கு வரும் ஆறு பிள்ளைகளின் முகமும் பெயரும் வீடியோவில் வரக்கூடாது, புள்ளித்தாளும் கூடாது. விளம்பரத்துக்குப் பிள்ளையின் முகம் தேவை என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ரிங் லைட்டும் மைக்கும் வாங்கித் தருவதாக மாமா சொல்கிறாராம். இப்போது வேண்டாம். கிழமைக்கு இரண்டு வீடியோ, எட்டுக் கிழமை, ஒவ்வொன்றிலும் ஒரு பிழை. அதற்குள் ஆறு பேர் பத்துப் பேரானால் முதலில் வாங்க வேண்டியது பிள்ளைகள் இருக்க இன்னொரு வாங்கு. ஆகாவிட்டால் என்னிடம் வாருங்கள், அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துப் பேசுவோம். உறுதி அதுவரை அலுமாரியிலேயே இருக்கட்டும்.