ஆப்பிளைக் கடித்ததும் தொண்டை அரிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 31. ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து ஆறு வருடமாகிறது. கடந்த மூன்று வருடமாக மார்ச் கடைசியில் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கிவிடுகின்றன. இப்போது ஆப்பிளைக் கடித்தாலே உதடு, அண்ணம், தொண்டை எல்லாம் அரிக்கிறது. அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஆப்பிள் கேக் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. ஊரில் இப்படி வந்ததே இல்லை. பழத்தில் அடிக்கும் மருந்துதான் காரணமா?

பதில்: மருந்து இல்லை. இயற்கை முறையில் விளைந்த ஆப்பிளை வாங்கிச் சாப்பிட்டாலும் உங்களுக்கு அரிக்கத்தான் செய்யும். நீங்கள் சொன்ன மாதங்களையும் அந்த கேக்கையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இது பிர்ச் மரத்தின் மகரந்தத்தால் வந்த வினை.

ஜெர்மனியில் பிர்ச் மரம் மார்ச் இறுதியிலிருந்து மே தொடக்கம் வரை பூக்கும். அதன் மகரந்தத்தில் ‘பெட் வி 1’ என்று ஒரு புரதம் இருக்கிறது. நம் ஊரில் அந்த மரம் கிடையாது என்பதால் உங்கள் உடல் அதைப் பார்த்ததே இல்லை. அங்கே போய் சில வசந்தங்கள் அதைச் சுவாசித்தபின், உடல் அதை எதிரியாக நினைத்து ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கிவிட்டது. ஆப்பிளில் உள்ள ‘மால் டி 1’ என்ற புரதத்துக்கும் கிட்டத்தட்ட அதே உருவம்தான். அதனால் பழத்தைக் கடித்ததும், மகரந்தத்துக்காக உருவான எதிர்ப்பொருள் ஆப்பிள் புரதத்தையும் பிடித்துக்கொள்கிறது. வாயின் உள்தோலில் இருக்கும் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. ஐந்து, பத்து நிமிடத்தில் அரிப்பு வருவது அதனால்தான். சிலருக்குக் காதுக்குள்ளும் அரிக்கும்.

இந்தப் புரதம் மிகவும் மெலிதானது. சூடு பட்டால் அதன் உருவம் குலைந்துவிடும், வயிற்று அமிலமும் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். எனவே தொல்லை வாயோடு நின்றுவிடுகிறது, வேகவைத்த ஆப்பிள் ஒன்றும் செய்வதில்லை. தோலைச் சீவினால் ஓரளவு குறையும், ஆனால் சதையிலும் புரதம் இருப்பதால் முழுதாகத் தப்ப முடியாது. ரகமும் முக்கியம். கோல்டன் டெலிஷியஸில் இந்தப் புரதம் அதிகம், சாண்டானாவில் குறைவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஏப்ரலில் கடையில் கிடைக்கும் உள்ளூர் ஆப்பிள் முந்தைய இலையுதிர் காலத்தில் பறித்துக் குளிர்கிடங்கில் வைத்தது. வைக்க வைக்க அதில் இந்தப் புரதம் கூடும். மகரந்தம் உச்சத்தில் இருக்கும் மாதமும் அதுவே என்பதால், டிசம்பரில் பேசாமல் இருந்த பழம் ஏப்ரலில் படுத்தும்.

செர்ரி, பீச், பேரி, பச்சைக் கேரட், செலரி, ஹேசல்நட் ஆகியவற்றிலும் இதே குடும்பப் புரதங்கள் உண்டு. ஊருக்குப் போகும்போது பலாச்சுளையைக் கவனித்துச் சாப்பிடுங்கள். பிர்ச் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பலாப்பழமும் இப்படி அரிப்பைத் தந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. ஒத்துக்கொள்கிற பழங்களை நீங்களாக நிறுத்த வேண்டாம், அரிப்பவற்றை மட்டும் வேகவைத்துச் சாப்பிட்டால் போதும்.

நான் உண்மையில் கவலைப்படுவது சோயாவைப் பற்றி. ஜிம் முடிந்து சோயா பாலோ சோயா புரதப் பொடியோ குடிக்கும் வழக்கம் இருந்தால், இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். சோயாவிலும் இதே குடும்பப் புரதம் இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் மடமடவென்று உள்ளே போகும்போது, வயிறு அதைச் சிதைப்பதற்குள் உடல் முழுக்க எதிர்வினை கிளம்பலாம். உடற்பயிற்சியும், அமிலத்தைக் குறைக்கும் வயிற்றுப்புண் மாத்திரைகளும் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. செலரியிலும் இதே எச்சரிக்கை வேண்டும், அது சமைத்த பிறகும் சிலரை விடுவதில்லை.

ஒவ்வாமை நிபுணர் ஒருவரை ஒருமுறை பாருங்கள். பரிசோதனைக்குத் தயாராக விற்கும் ஆப்பிள் சாற்றில் இந்தப் புரதம் கெட்டுப்போயிருக்கும், முடிவு ‘இல்லை’ என்று வந்துவிடலாம். எனவே நீங்கள் சாப்பிடும் ஆப்பிளையே கையோடு கொண்டுபோங்கள். ஊசியால் முதலில் பழத்தையும் பிறகு உங்கள் தோலையும் குத்திப் பார்ப்பார்கள். தனித்தனிப் புரதங்களுக்கான ரத்தப் பரிசோதனையும் உண்டு. சூட்டுக்கும் அமிலத்துக்கும் அசையாத வேறொரு வகைப் பழப் புரதம் இருக்கிறது, பீச் பழத் தோலில் அது அதிகம். அதற்கு ஒவ்வாமை இருந்தால் சமைத்த பழமும் ஆபத்துதான். உங்களுக்கு கேக் ஒத்துக்கொள்வதால் அதற்கு வாய்ப்புக் குறைவு, ஆனாலும் உறுதிசெய்துகொள்வது நல்லது.

அரிக்கத் தொடங்கியதும் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பழத்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டாம், முதல் எச்சரிக்கையே மறைந்துபோகும். நாக்கு வீங்கினாலோ, குரல் மாறினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, தலைசுற்றல் வந்தாலோ தாமதிக்காமல் 112-ஐ அழையுங்கள்.