பதிவேட்டின் படம்தான் கையில் இருக்கிறது: வருகைக் கணக்கு எடுக்க ஆப் வாங்கலாமா?

கேள்வி: தக்கலை பக்கம் சின்னதாக ஒரு தையல் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். 34 பெண்கள் படிக்கிறார்கள். உதவித்தொகை தரும் அறக்கட்டளை ஜூலை முதல் டிசம்பர் வரையிலான வருகைப் பதிவேட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது ஒவ்வொரு பெண்ணும் எத்தனை நாள் வந்தாள் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். 75 சதவீதம் இருந்தால்தான் தொகை. என்னிடம் இருப்பது போனில் எடுத்த படங்கள் மட்டும். படத்தைக் கொடுத்தால் எக்செல் ஆக்கித் தரும் என்று ஒரு ஆப்புக்கு ஆண்டுச் சந்தா ₹1,499 கேட்கிறது. டைப்பிங் கடையில் பக்கத்துக்கு ₹60 சொல்கிறார்கள். எதை வாங்குவது? நவம்பர் பக்கத்தின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். — ஒரு வாசகி, தக்கலை

பதில்: ஆப் வேண்டாம். கடைக்குக் கொடுப்பதானால் ஒரு நிபந்தனையோடு கொடுங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் இரண்டுமே இல்லாமல், வீட்டில் இன்னொருவர் துணையிருந்தால் மாதத்துக்கு அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது. நீங்கள் அனுப்பிய நவம்பர் பக்கத்தை நானும் என் அக்காவும் உட்கார்ந்து முடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆப் ஏன் வேண்டாம் என்றால், அவை பெரும்பாலும் அச்செழுத்தைப் படிக்கச் செய்யப்பட்டவை. பேனாவால் போட்ட டிக் அதற்கு ஓர் எழுத்தே இல்லை. ஒரு கட்டத்தில் அதை வி என்று எடுக்கும், அடுத்த கட்டத்தில் 1 என்று எடுக்கும், மூன்றாவதில் ஒன்றுமில்லை என்று விட்டுவிடும். விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. போன வருடம் அக்காவின் டியூஷன் பதிவேட்டுக்காக ஓர் ஆப்புக்குப் பணம் கட்டினேன். விளம்பரத்தில் காட்டிய அச்சிட்ட பட்டியல் அழகாக வந்தது. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் காலியாக இருந்ததால் அவற்றை விழுங்கிவிட்டு, மீதியை இடது பக்கம் நகர்த்தி ஒட்டியிருந்தது. 14ஆம் தேதி ஆப்சென்ட் 12ஆம் தேதியில் போய் நின்றது. பார்வைக்கு ஒழுங்கான அட்டவணையாக இருந்ததால் இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், கூகுள் பிளே வழியாக வாங்கியதற்கு 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். ஆப்பைப் போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் நவம்பரில் பயிற்சி நடந்தது 22 நாள். 34 பேருக்கு எழுநூறுக்கு மேல் கட்டங்கள். அத்தனையையும் டைப் செய்ய வேண்டாம். வந்தவர்களை விடுங்கள், வராதவர்களை மட்டும் எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் டிக் இல்லாமல் சிவப்பு மையில் ஏ மட்டும் இருக்கும் கட்டங்கள் 61தான். அந்த 61 வரிகள் கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் கழித்தல் கணக்கு.

முதலில் படத்தைத் தக்கலையிலேயே ஏதாவது ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் பிரிண்ட் எடுங்கள். போன் திரையில் பெரிதாக்கிப் படித்தால் பெயர் வரிசை ஒருபுறமும் தேதி வரிசை ஒருபுறமும் திரைக்கு வெளியே போய்விடும், வரி தப்பும். படத்தைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், மெல்லிய சிவப்புக் கோடுகள் மங்கிவிடும். தாள் வந்ததும் ஒவ்வொரு ஐந்தாவது பெயருக்கும் கீழே ஸ்கேல் வைத்துப் பக்கத்தின் ஓரம்வரை ஒரு கோடு இழுங்கள். பதிவேட்டின் நடு மடிப்பில் தாள் மேலெழும்பி இருப்பதால் 15ஆம் தேதிக்குப் பிறகு வரிகள் சற்று வளைந்து இறங்குகின்றன. ஸ்கேலை நேராக வைத்தால் 20ஆம் எண்ணில் தொடங்கி 21இல் போய் முடியும். அச்சிட்ட கோட்டைத் தொடர்ந்தே இழுக்க வேண்டும்.

அப்புறம் ஒருவர் வாசிக்க, ஒருவர் டைப் செய்யுங்கள். பெண் பெண்ணாகக் குறுக்கே வாசிக்காதீர்கள். தேதி தேதியாக மேலிருந்து கீழே வாசியுங்கள். காரணம், நீங்கள் நல்ல பழக்கமாக ஒவ்வொரு நாளும் அடியில் அன்றைக்கு வந்தவர்கள் எண்ணிக்கையை எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒரு தேதியை முடித்ததுமே, அன்றைக்குச் சேர்ந்திருந்த மொத்தப் பேரிலிருந்து அடி எண்ணைக் கழித்துப் பார்த்தால் ஆப்சென்ட் எத்தனை வர வேண்டும் என்று தெரிந்துவிடும். தப்பு அந்த இடத்திலேயே பிடிபடும்.

கூகுள் ஷீட்டில் List என்று ஒரு தாள் போதும். மூன்றே பத்தி: மாத எண், பெண்ணின் வரிசை எண், தேதி. உதாரணத்துக்கு 11, 9, 14 என்றால் நவம்பர் 14ஆம் தேதி 9ஆம் எண் வரவில்லை என்று அர்த்தம். ஒரு தேதியைச் சரிபார்க்க:

```
=COUNTIFS(List!A:A,11,List!C:C,14)
```

ஆறு மாதமும் ஏற்றிய பிறகு, இரண்டாவது தாளில் A பத்தியில் வரிசை எண், B பத்தியில் அந்தப் பெண்ணுக்கு உரிய மொத்தப் பயிற்சி நாள். அடுத்த மூன்று பத்திகளில் வராத நாள், வந்த நாள், விகிதம்:

```
=COUNTIF(List!B:B,A2)
=B2-C2
=D2/B2
```

இதை நம்புவதற்கு ஒரு விஷயம் உறுதியாக இருக்க வேண்டும். ஜூலையின் 17ஆம் எண்ணும் டிசம்பரின் 17ஆம் எண்ணும் ஒரே பெண்ணாக இருக்க வேண்டும். இடையில் ஒருவர் நின்று, பெயர்களைப் புதிதாக எழுதியிருந்தால் எண் மாறியிருக்கும். ஆறு மாதத்தின் பெயர் வரிசையையும் ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் சேர்க்கை எண்ணைப் போடுங்கள்.

இப்போது உங்கள் நவம்பர். 26ஆம் எண் பெண் 11ஆம் தேதிதான் சேர்ந்திருக்கிறாள். அதற்கு முந்தைய 7 பயிற்சி நாட்களும் அவளுக்குக் காலிக் கட்டங்கள். காலி என்றால் வந்ததும் இல்லை, வராததும் இல்லை. அவளுக்கு B பத்தியில் நவம்பருக்கு 22 சேர்க்கக்கூடாது, 15தான் சேர்க்க வேண்டும். இரண்டு நாள் வரவில்லை, ஆக வந்தது 13. நவம்பரை மட்டும் பார்த்தால், 15க்கு 13 என்பது 87 சதவீதம் அளவு, தொகை கிடைக்கும். அதே 13ஐ 22ஆல் வகுத்தால் 59 சதவீதம், தொகை போய்விடும். மாறாக 22லிருந்து 2ஐக் கழித்தால் வராத 7 நாளும் வந்ததாக ஆகிவிடும். மூன்றில் ஒன்றுதான் நியாயம். சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டிருக்கிறீர்கள் என்று அறக்கட்டளைக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

மற்ற 33 பேருக்கு 22 நாள், இவளுக்கு 15. மொத்தம் 741. அதில் 61 போனால் 680 வருகை. நீங்கள் அடியில் எழுதிய தினசரி எண்களைக் கூட்டினால் 679. ஒன்று இடிக்கிறது. தேதி தேதியாகப் பார்த்தோம். எல்லாம் சரி, 14ஆம் தேதி மட்டும் உங்கள் எண் 28, எங்கள் கணக்கு 29. அந்தப் பத்தியைப் பெரிதாக்கிப் பார்த்தால் 17ஆம் கட்டத்தில் அடியில் சிவப்பு ஏ, அதன் மேல் நீல டிக். பெயர் கூப்பிட்டபோது அவள் இல்லை, ஏ போட்டு, கீழே 28 என்றும் எழுதிவிட்டீர்கள். அவள் தாமதமாக வந்ததும் டிக் போட்டவர், கீழே எண்ணைத் திருத்த மறந்திருக்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, அன்று அவள் வந்தாளா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வந்திருந்தால் கட்டம்தான் சரி, அடி எண் தப்பு. அடி எண் எப்போதும் கடைசி வார்த்தை அல்ல. எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனைக்குப் பிடிபடாத தப்பு ஒன்று உண்டு. வளைந்த பகுதியில் ஒரு வரி நழுவி, 20ஆம் எண்ணின் ஆப்சென்ட்டை 21க்குப் போட்டுவிட்டால் அன்றைய எண்ணிக்கை மாறாது. அடி எண்ணோடு அழகாகப் பொருந்தும். ஆனால் இரண்டு பெண்களின் கணக்கும் கெட்டிருக்கும். அதனால் எல்லாம் முடிந்த பிறகு, வலது பக்கத்தில் 15ஆம் தேதிக்கு அப்புறம் உள்ள பகுதியில் நான்கைந்து பெண்களை மட்டும் குறுக்கே வாசித்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கடைசிப் பெயரும், 75ஐ ஒட்டி மேலும் கீழும் நிற்பவர்களும் அதில் கட்டாயம் இருக்கட்டும். ஒரு நாள் பிசகினாலும் பணம் இழப்பது அவர்கள்தான்.

பயிற்சி நாட்களைக் காலண்டரைப் பார்த்து எண்ணாதீர்கள், பதிவேட்டைப் பார்த்து எண்ணுங்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். நீங்களும் அப்படியே செய்திருந்தால் ஒன்று கூட வேண்டும், ஒன்று குறைய வேண்டும். மழைக்கு விட்ட நாட்களும் அப்படித்தான். பத்தி முழுக்க ஒரு குறியும் இல்லாத நாள் பயிற்சி நாள் அல்ல.

இவ்வளவுக்கும் நேரமில்லை, கடைக்கே கொடுக்கிறேன் என்றால் ஆறு மாதத்துக்கும் சேர்த்து, ஒரு மாதத்துக்கு இரண்டு பக்கம் வீதம் ₹720 ஆகும். அதுவும் ஆப்பை விடப் பரவாயில்லை. ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் வாங்கி வராதீர்கள். 17ஆம் எண், 118 நாள் என்று ஒரு வரி தந்தால் அது சரியா தப்பா என்று பார்க்க உங்களுக்கு வழியே இல்லை. வராத நாள் ஒவ்வொன்றும் தேதியோடு பட்டியலாக வேண்டும், அடி எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பெயர் வரிசையை மறைத்து எண்கள் மட்டும் தெரியும்படி பிரிண்ட் கொடுத்தால் போதும், கடைக்காரருக்கு உங்கள் பெண்களின் பெயர் தேவையில்லை. முதலில் நவம்பரைக் கொடுத்துப் பாருங்கள். அதன் விடை இப்போது உங்களிடம் இருக்கிறதே: 61 வரிகள், அதில் 14ஆம் தேதிக்கு ஐந்து.