பாக்டீரியா தலை எண்ணுவதில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். குவோரம் சென்சிங் பற்றிப் பாடத்தில் "பாக்டீரியாக்கள் தங்கள் எண்ணிக்கையை உணர்கின்றன" என்று இருக்கிறது. ஒரு செல்லுக்கு எண்ணத் தெரியுமா? எத்தனை செல் சேர்ந்தால் போதும்? எங்கள் லேபில் வளர்த்த ஒளிரும் பாக்டீரியா பல மணி நேரம் இருட்டாகவே இருந்துவிட்டு, குடுவை நன்றாகக் கலங்கிய பிறகுதான் ஒளிர்ந்தது. சத்து தீர்ந்ததால்தான் ஒளிர்கிறது என்கிறார் ஒரு சீனியர். அவர் சொல்வது தவறு என்று எப்படிக் காட்டுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

எண்ணத் தெரியாது. எந்தச் செல்லுக்கும் பக்கத்தில் எத்தனை பேர் என்ற தகவல் கிடைப்பதேயில்லை. கிடைப்பது ஒரு மூலக்கூறின் செறிவு மட்டும்தான். உங்கள் குடுவையில் இருந்தது விப்ரியோ ஃபிஷெரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

ஒவ்வொரு செல்லும் லக்ஸ்-ஐ என்ற நொதியால் ஒருவகை ஹோமோசெரின் லாக்டோனைச் சிறிதளவு செய்துகொண்டே இருக்கிறது. அது சவ்வைத் தாராளமாகக் கடந்து வெளியே போகும், உள்ளே வரும். ஆகவே செல்லுக்குள் இருக்கும் செறிவும் வெளியே இருக்கும் செறிவும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளி உலகைப் பற்றி உள்ளே தெரியவருவது இந்த வழியில்தான். செறிவு சுமார் 10 நானோமோலாரை எட்டும்போது லக்ஸ்-ஆர் என்ற புரதம் அந்த மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.வில் அமர்கிறது, ஒளி மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன.

10 நானோமோலார் என்பது ஒரு மில்லிலிட்டருக்கு 6 லட்சம் கோடி மூலக்கூறுகள். மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு செல்லின் கொள்ளளவு சுமார் 1 ஃபெம்டோலிட்டர், அதற்குள் பார்த்தால் அதே செறிவுக்கு வெறும் 6 மூலக்கூறுகள்தான். இப்போது அடர்த்தியைக் கொண்டு வகுத்துப் பாருங்கள். குடுவையில் மில்லிலிட்டருக்கு 10 கோடி செல் இருந்தால், தலைக்கு 60,000 மூலக்கூறுகள் செய்து வெளியே விட்டிருந்தால் போதும். ஹவாய்க் கடலின் குட்டிக் கணவாயான யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸின் ஒளி உறுப்பில் மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடிக்கு மேல் என்ற அடர்த்தியில் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அங்கே தலைக்கு 600 போதும். வெளியே கடல்நீரில் மில்லிலிட்டருக்கு 300 செல் என்று கொண்டால், ஒவ்வொன்றும் 2,000 கோடி மூலக்கூறுகள் செய்தாக வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. செய்தாலும் அலை அடித்துக்கொண்டு போய்விடும். கடலில் அது இருட்டாகவும் கணவாய்க்குள் ஒளியாகவும் இருப்பதன் காரணம் இந்த வகுத்தல் கணக்குதான்.

அதனால் "எத்தனை செல்" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இடத்தின் அளவும், திரவம் தேங்கி நிற்கிறதா ஓடுகிறதா என்பதும் சேர்ந்துதான் விடையைத் தீர்மானிக்கின்றன. 2009இல் சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் ஒன்றிரண்டு செல்களைச் சுமார் 100 ஃபெம்டோலிட்டர் துளிகளில் அடைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் குவோரம் சென்சிங் முடுக்கப்பட்டது. அந்தத் துளியில் ஒரே செல் இருந்தாலும் அடர்த்தி மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடி! 1994இல் வைத்த 'குவோரம்' என்ற பெயர், கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையை நினைவூட்டுவதால்தான் இந்தக் குழப்பம் என்பேன்.

இன்னொன்று. ஒளி மெல்ல மெல்ல ஏறாமல் திடீரென ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். லக்ஸ்-ஆர் இயக்கும் மரபணு வரிசையில் முதலில் நிற்பது லக்ஸ்-ஐ. அதாவது சமிக்ஞை வந்ததும் முதல் வேலையாகச் சமிக்ஞை செய்யும் நொதியே அதிகமாகிறது. மூலக்கூறு கூடக் கூட உற்பத்தியும் கூடுகிறது.

இனி உங்கள் சீனியர். அவர் சொல்வதை அலட்சியப்படுத்த முடியாது, ஏனென்றால் செல் அடர்ந்த குடுவையில் சத்தும் குறைந்துதான் இருக்கும். ஒரு காலத்தில் வேறொரு விளக்கமும் இருந்தது: புது மீடியத்திலேயே ஒளியைத் தடுக்கும் பொருள் ஏதோ இருக்கிறது, செல்கள் அதைத் தீர்த்த பிறகு ஒளிர்கின்றன என்று. 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும், செல்கள் ஏற்கெனவே வளர்ந்த மீடியத்தை வைத்து, அந்தச் செல்களே ஏதோ ஒன்றை வெளியிடுகின்றன என்று வாதிட்டார்கள். அதே வழியில் நீங்களும் போகலாம்.

மீடியம் ஒரு லிட்டருக்கு: டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், உப்பு 20 கிராம், 50 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 7.5. குளுக்கோஸ் வேண்டாம், அது ஒளி மரபணுக்களை அடக்கும். நன்றாக ஒளிரும் கல்ச்சரைச் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்திரவத்தை 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடியுங்கள். ஒரு குடுவையில் 9 பங்கு புது மீடியத்தோடு இந்த வடிநீர் 1 பங்கு. இன்னொன்றில் வடிநீருக்குப் பதில் புது மீடியமே. இரண்டிலும் செல்களைப் போட்டு, 25 டிகிரியில் ஷேக்கரில் வைத்து, அரை மணிக்கொருமுறை ஓ.டி.யும் ஒளியும் அளந்து, ஒளியை ஓ.டி.யால் வகுத்துக் குறியுங்கள். வடிநீர் சேர்த்த குடுவை செல் குறைவாக இருக்கும்போதே ஒளிர்ந்தால் சீனியரின் விளக்கம் நிற்காது, ஏனென்றால் அதில் பத்தில் ஒன்பது பங்கு புதுச் சத்து அப்படியே இருக்கிறது. தடுப்புப் பொருள் விளக்கமும் இதே காரணத்தால் விழுந்துவிடும்.

சீனியர் விடாமல், வடிநீரில் வேறு ஏதோ கழிவு இருந்திருக்கலாம் என்பார். அதற்கும் வழி உண்டு. லாக்டோன் வளையம் காரத்தில் திறந்துகொள்ளும். வடிநீரின் ஒரு பகுதியைச் சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 11க்கு மேல் கொண்டுபோய், ஒரு மணி நேரம் வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 7.5க்குத் திருப்பினால் ஒளியைத் தூண்டும் திறன் போயிருக்க வேண்டும். அதையே பி.எச். 2க்கு இறக்கி ஒரு இரவு வைத்தால் வளையம் பெருமளவு மூடிக்கொள்ளும், திறன் திரும்பும். சேரும் உப்பின் அளவை எல்லாக் குடுவைகளிலும் சமமாக்க மறக்காதீர்கள்.

பொதுவாகக் கெடுவது எங்கே என்றால், ஒளிரும் பழைய கல்ச்சரை நூற்றுக்கு ஒன்று என்று அப்படியே ஊற்றிவிடுவார்கள். அதோடு பழைய சமிக்ஞையும் ஏற்கெனவே செய்து வைத்த லூசிஃபரேஸும் போய்ச் சேர்ந்து, கன்ட்ரோல் குடுவையும் தொடக்கத்திலேயே ஒளிரும். செல்களைப் புது மீடியத்தில் இரண்டு முறை கழுவி, ஆயிரத்துக்கு ஒன்றாகவோ அதற்கும் குறைவாகவோ போடுங்கள். டிரிஸ் சேர்க்காவிட்டால் வேறொரு தொல்லை: வளர வளர மீடியம் காரமாகி, பி.எச். 8ஐத் தாண்டியதும் சமிக்ஞை தானாகவே சிதையத் தொடங்கும். கடைசியில் ஒளி மங்கினால் உடனே முடிவுக்கு வராமல் குடுவையைக் கையில் எடுத்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். பளிச்சென்று திரும்பி வந்தால் குறைந்தது ஆக்சிஜன்தான், சமிக்ஞை அல்ல.

எந்த ஸ்ட்ரெய்ன் என்று நீங்கள் எழுதவில்லை. கணவாயிலிருந்து எடுத்த ஈஎஸ்114 என்றால் குடுவையில் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கலாகத்தான் ஒளிரும், கருவி வைத்தால்தான் தெரியும். உங்கள் குடுவை வெறும் கண்ணுக்கு ஒளிர்ந்ததென்றால் பெரும்பாலும் அது இல்லை. இந்தச் சோதனைக்கு மோனோசென்ட்ரிஸ் ஜபோனிகா மீனிலிருந்து வந்த எம்ஜே-1 கிடைத்தால் நல்லது.