ஆறு சென்டிமீட்டர் உடைப்பு

கேள்வி: பெரிய அறிஞர் ஒருவருக்கு மின்னஞ்சலில் சந்தேகம் கேட்க நினைக்கிறேன். என்னைப் போன்ற முன்பின் தெரியாதவருக்கெல்லாம் பதில் போடுவார்களா? யாருக்காவது அனுபவம் உண்டா?

எனக்கு முதல் தடவை பதில் வரவில்லை, இரண்டாம் தடவை இரண்டே நாளில் வந்தது. ஆள் அவரேதான், கல்வெட்டு வாசிப்பில் பெரிய பெயர். மாறியது என் கடிதம் மட்டும்.

முதல் கடிதத்தில் எங்கள் ஊர் சிவன் கோயில் சுவரை நடுப்பகலில் எடுத்த 14 படங்களை இணைத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது ஐயா?" என்று கேட்டிருந்தேன். இதற்கு அவர் பதில் எழுத உட்கார்ந்தால் இரண்டு நாள் வேலை. போதாததற்கு, எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று பள்ளங்களில் சாக்பீஸ் வேறு தேய்த்திருந்தேன். அப்படித் தேய்த்தால் படத்தில் தெரிவது கல்லில் இருப்பது அல்ல, நான் பார்த்ததாக நினைத்த எழுத்து. (கல்லுக்கும் கெடுதல். செய்யாதீர்கள்.)

அப்புறம்தான் அந்தக் கல்வெட்டு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் ஏற்கெனவே அச்சாகியிருப்பது தெரிந்தது. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்று தொடங்குகிறது. மதுரையை வென்ற சோழ மன்னன் முதலாம் பராந்தகன். 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 940ஐ ஒட்டி. இரவும் பகலும் அணையாமல் ஒரு நொந்தா விளக்கு எரிய ஆடு கொடுத்த செய்தி. அந்த ஆடுகளிலிருந்து தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு வரவேண்டும். செத்ததற்கு ஈடாகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர்.

அச்சுப் பாடத்தில் ஓர் இடத்தில் மட்டும் புள்ளிகள் இருந்தன. 'ஆடு ௯௰', பிறகு உடைப்பு, பிறகு 'வா மூவாப் பேராடு'. ௯௰ என்றால் தொண்ணூறு. விளக்குக்கு 90 ஆடு கொடுத்ததும் உண்டு, 96 கொடுத்ததும் உண்டு. ஆறைக் குறிக்கும் ௬ பார்க்க 'சு' மாதிரியே இருக்கும். உடைப்புக்குப் பின் வரவேண்டிய சொல்லோ 'சாவா'. உடைப்பின் இடது ஓரத்தில் மிஞ்சியிருந்த ஒரு சின்னக் கோடு ௬இன் தொடக்கமாகவும் இருக்கலாம், 'சா'வின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

ஸ்கேல் வைத்து அளந்தேன். உடைப்பு 6 சென்டிமீட்டர். அந்த வரியில் ஓர் எழுத்து சராசரியாக 3. சகரமும் காலும் சேர்ந்தாலே இடம் நிரம்பிவிடுகிறது, ஆனால் வரிக் கடைசியில் நெருக்கி வெட்டும் வழக்கமும் உண்டே.

இரண்டாம் கடிதம் இவ்வளவுதான். தொகுதி எண், கல்வெட்டு எண், வரி எண். ஸ்கேலோடு ஒரே ஒரு படம். பிறகு: "இந்தக் கோடு ௬இன் பகுதியா, 'சா'வின் பகுதியா? அகலத்தைப் பார்த்தால் 'சா' மட்டும் என்று நினைக்கிறேன், 90 ஆடு. எழுத்து வடிவத்தை வைத்து இதை உறுதி செய்ய வழி உண்டா?" வணக்கம், என் பெயர், ஊர். அவருடைய புகழைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

பதில் நான்கு வரி. அகலத்தை நம்பாதீர்கள், கீழே பாருங்கள் என்றார். ௬ ஆக இருந்தால் வலப்பக்கம் வால் கீழே இறங்கி வளையும், 'சா'வுக்கு அது கிடையாது. உடைப்புக்கு அடியில், அடுத்த வரிக்கு மேலே கல் நன்றாக இருக்கிறதா? இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்து, சாய்வான வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.

குருக்களிடம் அனுமதி கேட்டு, அர்த்தசாமப் பூசை முடிந்ததும் எடுத்தேன். உடைப்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கல் சேதமில்லாமல் இருந்தது. வால் இல்லை. படம் பார்த்துவிட்டு "90தான். அதே கோயிலில் வேறு விளக்குக் கொடை இருந்தால் அதில் எத்தனை என்றும் பார்த்துவிடுங்கள்" என்று எழுதினார். இருந்தது, தெற்குச் சுவரில். அதிலும் 90.

உற்சாகத்தில் அடுத்த வாரமே, விளக்கு வைத்தவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர், அந்தக் காலத்தில் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.